மைனஸ் பன்னிரண்டு

எங்கள் துறைத் தலைவர் ஞானராஜ் சார் கைப்பட எழுதிய விடைக்குறிப்பில் ஒரு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு பன்னிரண்டு பில்லியன் டாலர் குறைந்துபோயிருந்தது. உண்மையில் அது பன்னிரண்டு பில்லியன் கூடியிருந்தது. கேள்வித்தாளுக்காகக் கற்பனை செய்த நாடு என்பதால் அந்த நாட்டு மக்கள் யாரும் இதற்காகத் தெருவில் இறங்கவில்லை. அடி விழுந்தது திண்டுக்கல்லில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் பி பிரிவுப் பிள்ளைகளுக்கு.

நான் பிரிஸ்கில்லா. கௌரவ விரிவுரையாளர். சம்பளத்தில் வைக்க முடியாத கௌரவத்தைப் பதவிப் பெயரில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் வேலை முடியும். ஜூனில் துறைத் தலைவர் பரிந்துரைத்தால் மறுபடி தொடங்கும். நடுவில் மே மாதம் முழுவதும் நான் அவரைப் பார்க்கும் இடத்திலெல்லாம் இரண்டு முறை வணக்கம் சொல்வேன்.

விடைத்தாள் திருத்தும் முகாம் கல்லூரியின் பெரிய ஹாலில் நடந்தது. திண்டுக்கல்லில் பிரியாணி வாசமே எட்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த முகாம்தான். மூன்று நாளும் எலுமிச்சை சாதம். காலையில் இருபது தாள், மாலையில் இருபது தாள். தாளில் பெயரோ பதிவெண்ணோ இருக்காது, ஒட்டிய டம்மி நம்பர் மட்டும் இருக்கும். யார் தாள் யாரிடம் போகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. கையில் சிவப்புப் பேனா, மேசையில் ஞானராஜ் சாரின் விடைக்குறிப்பு. அதை மீறி அரை மதிப்பெண் போட்டாலும் தலைமைத் தேர்வாளரிடம் போய் நிற்க வேண்டும். தலைமைத் தேர்வாளர் ஞானராஜ் சார். கேள்வித்தாள் எடுத்தவரும் அவரே. பாடநூலாக எல்லோரும் வாங்கும் கைடை எழுதியவரும் அவரே. மூன்று பேர் செய்ய வேண்டிய தப்பை அவர் ஒருவரே செய்து முடிப்பார், சிக்கனமானவர்.

அந்தக் கட்டாயக் கேள்வி இதுதான். ஒரு நாட்டின் ஓராண்டு தேசியச் சேமிப்பு 310, முதலீடு 330. எல்லாம் பில்லியன் டாலரில். நடப்புக் கணக்கு மைனஸ் 20. மூலதனக் கணக்கு பிளஸ் 32. கையிருப்பு என்ற வரியில் மைனஸ் 12. பிழைகளும் விடுபாடுகளும் பூஜ்யம். கையிருப்புக்கு என்ன ஆனது? இந்தப் பற்றாக்குறை சேமிப்பையும் முதலீட்டையும் பற்றி என்ன சொல்கிறது? பதினைந்து மதிப்பெண்.

நல்ல கேள்வி. அதை எடுத்தவருக்கே விடை தெரியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

விடைக்குறிப்பு சொன்னது: 'கையிருப்பு 12 குறைந்தது. நாடு 20 பில்லியன் நஷ்டத்தில் ஓடுகிறது. கையிருப்பு கூடியது என்று எழுதியவர்களுக்கு அடிப்படையே தவறு என்பதால் முழுக் கேள்விக்கும் பூஜ்யம்.' கடைசி வரிக்குக் கீழே அழுத்தி அடிக்கோடு வேறு.

எனக்கு வந்த விடைத்தாள் கட்டின் முதல் தாளிலேயே 'கூடியது' என்று இருந்தது. ஐந்தாவதில் 'கூடியது'. எட்டில், ஒன்பதில், பதினொன்றில். டம்மி நம்பர் ஒட்டி என்ன பயன்? கூடியது என்று எழுதினால் அது என் பிள்ளை. குறைந்தது என்றால் சார் எடுக்கும் ஏ பிரிவு. மூன்றாம் ஆண்டில் இருப்பதே இரண்டு பிரிவுதான். ஒரு பிரிவில் சார் மைனஸைக் கழித்துக்கொண்டிருந்தார், மறு பிரிவில் நான் அதன் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

நான் ஒன்றும் பிறவி மேதை இல்லை. நான்கு வருடம் நானும் 'குறைந்தது' என்றுதான் நடத்தினேன். போன ஆகஸ்டில், வகுப்பில் வேடசந்தூர் ஹரிணி எழுந்தாள். அவள் அம்மா நூற்பாலையில் வேலை பார்க்கிறார்; மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் வருகிறவர். ஹரிணி கையில் போன். போனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அட்டவணை.

"மேம், இதுல கையிருப்புக்குப் பக்கத்துலயே 'அதிகரிப்பு மைனஸ், குறைவு பிளஸ்'னு போட்டிருக்கு. நீங்க தலைகீழா சொல்றீங்களே?"

"உக்காரு. போனை உள்ள வை," என்றேன். ஞானராஜ் சாரிடம் பாடம் படித்தவர்களுக்கு இந்தப் பதில் இலவசமாக வந்துவிடும். அப்புறம் ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அட்டவணையைப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. யோசித்தால் காரணமும் எளிது. வெளியிலிருந்து நமக்கு வருவது பிளஸ், நாம் வெளியே கொடுப்பது மைனஸ். ரிசர்வ் வங்கி டாலரை வாங்கிக் கையிருப்பில் போடுவது வெளிநாட்டுச் சொத்து ஒன்றை வாங்குவதற்குச் சமம். வாங்கினால் கொடுக்கத்தானே வேண்டும்? அதனால் மைனஸ். மூலதனமாக 32 உள்ளே வந்தது. 20 பற்றாக்குறையை அடைத்தது. மீதி 12 கையிருப்பில் ஏறியது. மைனஸ் 20, பிளஸ் 32, மைனஸ் 12. கூட்டினால் பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான். மறுநாள் வகுப்பில் நான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு மறுபடி நடத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பதினான்காவது தாளைத் திறந்தேன். இந்த ஒரு கேள்விக்கு ஒன்பது பக்கம். 'இது நஷ்டம் இல்லை,' என்று ஆரம்பித்திருந்தது. 'சேமிப்பில் முதலீட்டைக் கழித்தால் வருவதுதான் நடப்புக் கணக்கு. 310இல் 330ஐக் கழித்தால் மைனஸ் 20. தன் சேமிப்பை விட நாடு 20 அதிகமாக முதலீடு செய்திருக்கிறது. அந்த 20 அடுத்த நாட்டுக்காரர்களின் சேமிப்பு. எங்கள் ஊர் மில்லில் வெளிநாட்டு நூற்பு மெஷின் வந்தது. வெளிப்பணத்தில் வந்த மெஷின் நூல் நூற்று விற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிவிடலாம். அதே பணத்தைத் தின்று தீர்த்திருந்தால் கடன்தான் மிஞ்சும். பற்றாக்குறை நல்லதா கெட்டதா என்பது வந்த பணம் எதற்குள் போனது என்பதைப் பொறுத்தது.'

ஹரிணி. டம்மி நம்பர் இருந்தால் என்ன, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது.

மற்ற கேள்விகளைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்துநான்கு. பிடித்த கேள்விக்கு ஒன்பது பக்கம் எழுதினால் மிச்சத்துக்கு நேரம் எங்கே இருக்கும்? கடைசி இரண்டு கேள்விக்குத் தலைப்பு மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். தேற முப்பது வேண்டும். பதினைந்து போட்டால் முப்பத்தொன்பது. பூஜ்யம் போட்டால் அரியர். மதுரையில் எம்.ஏ. நுழைவுத் தேர்வில் தேறி இடம் வாங்கியிருந்தாள். ஜூனில் அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியல் காட்டாவிட்டால் இடம் போய்விடும். இடம் போனால் அதே மில்லில் நூல் சோதிக்கும் வேலைக்கு அவள் மாமா ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்.

நான் பூஜ்யம் போடவில்லை. பதினைந்தும் போடவில்லை. அன்றைய நாற்பது தாளில் 'கூடியது' என்றிருந்த பதினேழிலும் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். வீரம் இல்லை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மாலையில் இரண்டு கட்டும் தலைமைத் தேர்வாளர் மேசைக்குப் போயின. அடுத்த நாள் காலை ஆள் அனுப்பினார்.

ஞானராஜ் சாருக்குப் பக்கத்தில் முகேஷ்குமார் இருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர். எல்லோரிடமும் மரியாதை, எதிலும் கருத்து இல்லை.

"ஏம்மா பிரிஸ்கில்லா, கட்டம் கட்டமா காலியா விட்டிருக்க. பேனாவுல மை தீந்து போச்சா?" என்றார் சார்.

"சார், அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்புல ஒரு சின்ன சந்தேகம்."

"விடைக்குறிப்புலயா? நான் எழுதினதுலயா?"

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. "கையிருப்பு கூடித்தான் இருக்கு சார். அந்த வரியில மைனஸ்னா கூடினதா அர்த்தம்," என்றேன்.

சார் முகேஷ்குமாரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? மைனஸ்னா கூடுதலாம். எல்கேஜி பிள்ளை கூடச் சிரிக்கும். முப்பத்தோரு வருசமா நடத்துறேன், எந்த மைனஸும் எனக்குக் கூடுனதில்ல."

"ஏனுங்க, நானுங்கூட குறைஞ்சதுன்னுதான் போட்டேனுங்க," என்றார் முகேஷ்குமார். "எங்க காலேஜ்லயும் சாரோட கைடுதானுங்க."

"சரி சார், குறைஞ்சதுன்னே வச்சுக்குவோம்," என்றேன். "வெளியில இருந்து மூலதனமா முப்பத்திரெண்டு வந்துச்சு. கையிருப்புல இருந்தும் பன்னெண்டை எடுத்துச் செலவு பண்ணிட்டோம். மொத்தம் நாப்பத்துநாலு. பற்றாக்குறை இருபதுதான். மிச்சம் இருபத்துநாலு எங்க சார் போச்சு?"

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு, கடலில் மூழ்கப் போனவருக்குக் கட்டை கிடைத்த முகத்தோடு சொன்னார்:

"பிழைகளும் விடுபாடுகளும்."

இந்தத் தப்பைப் பொருளாதாரம் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடியும். மளிகைக் கடைக்காரரிடம் இருபத்துநாலு ரூபாய் குறைந்தால் கல்லாவைக் கொட்டித் தேடுவார். எங்களிடம் இருபத்துநாலு பில்லியன் குறைந்தால் அதற்கென்று ஒரு வரி தயாராக இருக்கிறது. புள்ளிவிவரங்கள் பல இடங்களிலிருந்து வருவதால் துல்லியமாகப் பொருந்தாது. அந்தச் சில்லறை வித்தியாசத்துக்காக வைத்த வரி அது. சார் அதற்குள் பற்றாக்குறையை விடப் பெரிய ஒன்றைத் திணித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், அதைப் பூஜ்யம்னு கேள்வியிலயே நீங்க குடுத்திருக்கீங்க."

"அது... அச்சுப் பிழை."

"பூஜ்யமா சார்?"

"ஏம்மா, உனக்கு இப்ப என்ன வேணும்? ஜூன் மாசம் வருது, தெரியுமில்ல? பேசாம பூஜ்யம் போட்டுட்டுப் போ."

தெரியும். ஜூன் வருவது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கையில் சிவப்புப் பேனா இருந்தது. பதினேழு பூஜ்யம் போட ஒரு நிமிடம் போதும். ஒன்பது பக்கம் எழுதியவளுக்கு அது யார் போட்ட பூஜ்யம் என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. அதற்குத்தானே டம்மி நம்பர்? அந்த நினைப்புதான் என்னைச் சுட்டது. போன ஆகஸ்டில் 'உக்காரு' என்று சொன்னேன். எழுந்து நின்று சரியாகக் கேட்டவளை இரண்டாவது தடவையும் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

மேசையில் சாரின் கைடு கிடந்தது. ஏழாம் பதிப்பு. எடுத்துத் திருப்பினேன். பின்னட்டையில் என் படம். கழுத்தில் தங்கப் பதக்கம், இரட்டைச் சடை மட்டும்தான் இல்லை, அவ்வளவு சின்னப் பெண். கீழே தடித்த எழுத்தில்: 'இந்நூலைப் படித்துத் தங்கப் பதக்கம் வென்ற மாணவி பிரிஸ்கில்லா.' ஒன்பது வருடமாக அந்தப் படம் கைடை விற்றுக்கொண்டிருக்கிறது. நான் பைசா கேட்டதில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

"சார், இதே கேள்வி எங்களுக்கும் வந்துச்சு," என்றேன். "கையிருப்பு குறைஞ்சதுன்னு எழுதினேன். நீங்க முழு மார்க் போட்டீங்க. ரெண்டாவது வந்த ஜோஸ்பினை விட நாலு மார்க் அதிகம் வாங்கித்தான் எனக்கு மெடல் கிடைச்சுச்சு. நீங்க போட்ட அந்த மார்க் தப்பு சார். இந்தப் படத்துல இருக்கறவளே சொல்றேன்."

முகேஷ்குமார் பின்னட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பின்னட்டையைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாகப் போலும், போனை எடுத்து ரிசர்வ் வங்கி அட்டவணையைத் தேடினார்.

"சார், பக்கத்துலயே போட்டிருக்கானுங்க," என்றார் மெதுவாக. "அதிகரிப்பு மைனஸுங்க."

சார் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "முப்பத்தோரு வருசம்," என்று மட்டும் சொன்னார். அவருக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு கணம் அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது; ஏறத்தாழ மன்னிப்புக் கேட்டிருப்பேன். நல்லவேளை, உடனே தேறிக்கொண்டுவிட்டார்.

"இப்ப மாத்தினா ஏ பிரிவு பூரா ஃபெயிலு. ரிசல்ட் பேப்பர்ல வந்துரும்," என்றார். "தீர்மானம் எழுதிருவோம்."

தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியது நான்தான்; எழுத்து நன்றாக இருக்கும் என்று சாரே சொன்னார். 'மேற்படி கேள்விக்குக் கையிருப்பு கூடியது, குறைந்தது ஆகிய இரு விடைகளும் ஏற்கப்படுகின்றன.' ஆக, அந்தக் கற்பனை நாட்டில் அந்த ஆண்டு கையிருப்பு பன்னிரண்டு கூடியது, பன்னிரண்டு குறைந்தது, இரண்டுக்கும் முழு மதிப்பெண். இப்படியொரு நாடு இருந்தால் அதற்கு எந்தக் கடன் தொல்லையும் வராது. நாங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டோம். நான் திரும்பி வந்து பதினேழு கட்டங்களையும் நிரப்பினேன். பதினான்காவது தாளில் 15 என்று எழுதும்போது கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன்.

ஹரிணி தேறினாள். மதுரைக்குப் போனாள். ஜூனில் கௌரவ விரிவுரையாளர் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் விடுபட்டிருக்கும் என்றார்கள். எந்த வரியில் என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் நான் வீட்டில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சார். பட்டியலில் சேர்த்துவிட்டார், மனிதர் நல்லவர்தான் என்று அழைப்பு மணியின் மூன்று சுற்றுக்குள் அவரை முழுவதும் மன்னித்துவிட்டேன்.

"ஏம்மா, நல்லாயிருக்கியா? சாப்டியா? எட்டாம் பதிப்பு போடுறேன். இந்த அந்நியச் செலாவணி அத்தியாயத்தை மட்டும் செத்த பாத்துக் குடுக்கணும். பிளஸ், மைனஸ் எல்லாம் எங்க எங்க வரும்னு பென்சில்ல குறிச்சாப் போதும். முப்பது பக்கந்தான். நாளைக்குப் பையன்கிட்டக் குடுத்து விடுறேன்."

"சார், என் வேலை?"

"இந்த வருசம் பாட நேரம் கம்மிம்மா. அடுத்த வருசம் பாப்போம்."

எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தேன். கோபம் வந்தது, குரல் மட்டும் நன்றாகவே இருந்தது.

"சார், உங்க புத்தகத்துல நீங்க போட நினைக்கிற முதலீடு பெருசு. உள்ள இருக்கற சேமிப்பு பத்தல. அந்த இடைவெளிக்குப் பேரு பற்றாக்குறை. அது வெளியில இருந்துதான் வரணும். போன ஏப்ரல் வரைக்கும் நான் உள்நாடு. நீங்கதான் என்னைய வெளிநாடு ஆக்கிட்டீங்க."

"என்னம்மா சொல்ற?"

"வெளியில இருந்து வர்ற சேமிப்பு சும்மா வராது சார். அதுக்கு உங்க மேல ஒரு உரிமை இருக்கும். அதை நீங்களே எங்களுக்கு நடத்தியிருக்கீங்க. அது மட்டும் சரியா நடத்தினீங்க."

"எம்புட்டு வேணும்?" என்றார்.

"காசு வேணாம். கையிருப்பு வர்ற பக்கத்துல அடியில ஒரு வரி போடுங்க. 'இத்திருத்தத்தைச் சுட்டிக்காட்டியவர் ஹரிணி, வேடசந்தூர்.' போட்டாப் பாத்துத் தாரேன்."

"ஹரிணியா? அது யாரு?"

"அரியர் வைக்க இருந்த பிள்ளை சார்."

போட்டுவிடுகிறேன் என்றார். வைத்துவிட்டார். மறுபடி எண்ணெய்க் கேனை எடுத்த பிறகுதான், அவர் எம்புட்டு வேணும் என்று கேட்டபோது என் வேலையைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு உறைத்தது. பொருளாதாரத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான்.

முப்பது பக்கமும் பார்த்துக் கொடுத்தேன். எட்டாம் பதிப்பு அக்டோபரில் வந்தது. ஹரிணி மதுரையில் ஒரு கடையில் அதைப் பார்த்து, தன் பெயர் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்: 'மேம்!!! என் பேரு!!!' பெயருக்கு மேலே, தடித்த எழுத்தில், அதிகரிப்பு மைனஸ், குறைவு பிளஸ். சரியாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். அடுத்த நிமிடமே இன்னொரு படம் அனுப்பினாள். பின்னட்டை. அதில் நான், ஒன்பது வருடம் சின்னவளாக, தப்பான விடைக்கு வாங்கிய பதக்கத்தோடு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.